பதவி ஆபீஸ் அசிஸ்டென்ட், பார்த்தது பிசினஸ் அனலிஸ்ட் வேலை: ரெஸ்யூமேயில் எப்படி எழுதுவது?

வாசகியின் கடிதம்

"எனக்கு 27 வயது. ஊர் காரைக்குடி. பி.காம். சி.ஏ. முடித்துவிட்டு நாலு வருஷமாக ஆத்தங்குடிக் கல் செய்யும் ஒரு பட்டறையின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். பதவி ஆபீஸ் அசிஸ்டென்ட். இரண்டு வருஷத்துக்கு முன்னால், நோட்டில் எழுதிவந்த ஆர்டர்களை மென்பொருளுக்கு மாற்ற முதலாளி மதுரையிலிருந்து ஒரு கம்பெனியைக் கூட்டிவந்தார். எங்கள் வேலையை அவர்களுக்கு விளக்கியது, பட்டறையில் கேட்டு எழுதிக் கொடுத்தது, படம் வரைந்தது, கடைசியில் சரிபார்த்தது எல்லாம் நான்தான். முதலாளி, மேஸ்திரி, கணக்குப் பார்ப்பவர், பேக்கிங் அண்ணன் எல்லாரையும் உட்கார வைத்து இரண்டு கூட்டம் நடத்தினேன். முதல் கூட்டத்தில் மேஸ்திரி வாயே திறக்கவில்லை. மறுநாள் பட்டறைக்குப் போய்க் கேட்ட பிறகுதான் தெரிந்தது: ஹாலின் சதுர அடிக்குள்ளேயே பார்டரும் அடக்கம், நாங்கள் அதைத் தனியாகவும் கூட்டிக்கொண்டிருந்தோம். மூலைக் கல்லை நோட்டில் எழுதும் வழக்கமே இல்லை.

சென்னையில் இருக்கும் பெரியப்பா மகன், 'இதுதான் பிசினஸ் அனலிஸ்ட் வேலை, பதவியையும் அப்படியே போட்டுக்கொள்' என்று ரெஸ்யூமே எழுதிக் கொடுத்தார். அதில் ஜிரா, கன்ஃப்ளூயன்ஸ், விசியோ என்று மென்பொருள்கள் எல்லாம் இருக்கிறது. நான் தொட்டது எக்செலும் படம் வரையும் draw.io-வும்தான். 'செயல்திறனை 40 சதவீதம் உயர்த்தினார்' என்றும் இருக்கிறது. ஒரே ஒரு நேர்முகத் தேர்வு வந்தது. 'நீங்கள் சேகரித்த ஒரு தேவையைச் சொல்லுங்கள்' என்றார்கள். திணறிவிட்டேன். பதவியை மாற்றிப் போடலாமா? 45,000 ரூபாய் கட்டி பிசினஸ் அனலிஸ்ட் கோர்ஸில் சேரட்டுமா? வரைந்த படங்களை ரெஸ்யூமேயோடு அனுப்பலாமா?"

ஆலோசகரின் பதில்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் அண்ணன் சொன்னதில் பாதி சரி. நீங்கள் பார்த்தது பிசினஸ் அனலிஸ்ட் வேலைதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் எழுதிக் கொடுத்த ரெஸ்யூமேயில் அந்த வேலை எங்கேயுமே இல்லை. பட்டறையும் மேஸ்திரியும் பார்டர் கல்லும் போய்விட்டன. யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும் பத்து வரிகள்தான் மிச்சம். நேர்முகத்தில் நீங்கள் திணறியதற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அந்த வரிகள் உங்களுடையவை அல்ல, அதனால் அவற்றைப் பற்றிக் கேட்டபோது சொல்ல உங்களிடம் ஒன்றும் இல்லை. இந்தக் கடிதத்தை எழுதியபோது உங்களுக்கு எந்தத் திணறலும் இல்லையே.

பதவியின் பெயரை மாற்றாதீர்கள்

இதை முதலில் முடித்துவிடலாம். வேலை கொடுக்க முடிவு செய்த பிறகு, ஓரளவு பெரிய எந்த நிறுவனமும் உங்கள் பழைய வேலையைச் சரிபார்க்கும். அனுபவக் கடிதம், சம்பளச் சீட்டு ஆகியவற்றைக் கேட்பார்கள். பழைய முதலாளியைக் கூப்பிட்டு, எந்தத் தேதியிலிருந்து என்ன பதவியில் இருந்தார் என்று விசாரிப்பார்கள். உங்கள் முதலாளி உண்மையைத்தான் சொல்வார், 'ஆபீஸ் அசிஸ்டென்ட்' என்று. அந்த ஒரு வேறுபாட்டுக்காக வேலைக் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ள முடியும். சேர்ந்த பிறகு தெரியவந்தால் நிலைமை இன்னும் மோசம். நீங்கள் உண்மையாகச் செய்த வேலையையும் அப்புறம் யாரும் நம்பமாட்டார்கள்.

மாற்றாமலே செய்யக்கூடியது இருக்கிறது. ரெஸ்யூமேயின் தலைப்பில் உங்கள் பெயருக்குக் கீழே 'பிசினஸ் அனலிஸ்ட் பணிக்கு விண்ணப்பம்; உற்பத்தித் துறை ஆர்டர் மென்பொருள் அனுபவம்' என்று போடுங்கள். அது நீங்கள் தேடும் வேலை, வகித்த பதவி அல்ல, அதனால் அதில் பொய் இல்லை. அனுபவப் பகுதியில் பதவி ஆபீஸ் அசிஸ்டென்ட் என்றே இருக்கட்டும். அதற்கு அடுத்த வரியிலேயே, 'நோட்டிலிருந்து மென்பொருளுக்கு ஆர்டர் முறையை மாற்றும் பணியில் தேவைகளைத் தொகுத்தது, செயல்முறைப் படங்கள் வரைந்தது, சோதித்து ஒப்புதல் பெற்றது' என்று தனித் தலைப்பாகப் போட்டு, அந்தப் பணி நடந்த மாதங்களையும் எழுதுங்கள். நாலு வருஷமும் இதே வேலையைத்தான் பார்த்தேன் என்ற தோற்றம் வரக்கூடாது. வழக்கமான அலுவலக வேலைக்கு இரண்டு வரி போதும்.

ஒரு தேவை, முழுசாக

உங்கள் ரெஸ்யூமேயில் இப்போது 'பயனர்களிடமிருந்து வணிகத் தேவைகளைச் சேகரித்து ஆவணப்படுத்தினார்' என்ற மாதிரி ஒரு வரி இருக்கும். நான் பார்க்கும் ரெஸ்யூமேக்களில் பெரும்பாலானவற்றில் இருக்கிறது. படிக்கிறவருக்கு இதிலிருந்து ஒன்றுமே தெரியாது. யாரிடம் கேட்டீர்கள், அவர்கள் சொன்னதில் எங்கே முட்டிக்கொண்டது, நீங்கள் எழுதிய விதி என்ன, அது சரி என்று எப்படி உறுதி செய்தீர்கள் என்ற நாலும் தெரிந்தால்தான் வேலை தெரிந்தவர் என்று நம்புவார்கள். இந்த நாலுமே உங்கள் பார்டர் கல்லில் இருக்கின்றன. கொஞ்சம் நிதானமாகக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நேர்முகத்தில் நீங்கள் ஒரு வெள்ளைத்தாளில் போட்டுக்காட்டப் போவதும் இதைத்தான்.

பத்து அங்குலத்துக்குப் பத்து அங்குலக் கல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர அடி 144 சதுர அங்குலம், ஒரு கல் 100 சதுர அங்குலம். ஆக ஒரு சதுர அடிக்கு 1.44 கல். இருபது அடிக்கு இருபது அடி ஹால் என்றால் 400 சதுர அடி, 576 கல். சுவரோரம் சுற்றிலும் ஒரு வரிசை பார்டர் வேண்டும் என்கிறார் வாடிக்கையாளர். அதை ஓட்ட அடியில் அளந்தால் 80 அடி, அடிக்கு 1.2 கல் வீதம் 96 கல். நோட்டு முறையில் 576-ஐயும் 96-ஐயும் கூட்டி 672 என்று பட்டறைக்குச் சொல்லியிருப்பீர்கள்.

தரையில் போட்டுப் பார்த்தால் கதை வேறு. இருபது அடி என்பது 240 அங்குலம், ஒரு பக்கத்துக்கு 24 கல். மொத்தத் தரையே 24 பெருக்கல் 24, அதாவது 576-தான். அதில் ஓரத்துச் சுற்றில் 92 கல். அந்த 92-ல் நாலு மூலைக்கு நாலு. பார்டர் டிசைன் மூலையில் திரும்ப வேண்டும் என்பதால் அதற்குத் தனி அச்சு. மிச்சம் 88 பார்டர் கல். நடுவில் 22 பெருக்கல் 22, 484 பூக்கல். மூன்றையும் கூட்டினால் சரியாக 576. நோட்டுக் கணக்கில் பூக்கல் 92 அதிகம், பார்டர் 8 அதிகம், மூலைக்கல் நாலுமே இல்லை.

அதிகமாகச் செய்த கல் கிடங்கில் கிடக்கும், அது கண்ணுக்குத் தெரிகிற நஷ்டம். ஆனால் அந்த நாலு மூலைக்கல் விஷயம்தான் பெரிது. கண்ணாடி மேல் வார்த்து, தண்ணீரில் நாள்கணக்கில் ஊறவைத்து, காயவைத்து எடுக்க வேண்டிய கல் இது. லாரியில் ஏற்றும்போது நாலு கல் இல்லை என்று தெரிந்தால் அன்றைக்கே செய்து கொடுக்க முடியாது. மொத்த ஆர்டரும் நாலு கல்லுக்காகக் காத்திருக்கும். இதை நேர்முகத்தில் சொல்லும்போது எதிரே இருப்பவருக்கு ஆத்தங்குடி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இருக்கலாம். பிரச்சினையின் கனம் அவருக்கு உடனே புரிந்துவிடும்.

இனி இதைத் தேவையாக எழுத வேண்டும். 'மென்பொருள் கல் எண்ணிக்கையைச் சரியாகக் கணக்கிட வேண்டும்' என்று எழுதினால் அது தேவை ஆகாது. மதுரைக் கம்பெனிக்காரர் அதை வைத்து எதை வேண்டுமானாலும் செய்துகொடுக்கலாம், நீங்கள் மறுக்கவும் முடியாது. 'ஆர்டர் பதிவில் பூக்கல், பார்டர், மூலை என்று மூன்று தனித்தனி எண்ணிக்கை இருக்க வேண்டும். அறையின் நீள அகலத்தைக் கொடுத்ததும் மூன்றும் கணக்காகி வரவேண்டும். மூன்றின் கூட்டல் மொத்தத் தரையின் கல் எண்ணிக்கைக்குச் சமமாக இருக்க வேண்டும்' என்பது தேவை. அதைச் சோதிக்கலாம். இருபதுக்கு இருபது ஹாலைப் பதிந்தால் 484, 88, 4 என்று வரவேண்டும். வந்தால் சரி, வராவிட்டால் தவறு. நடுவில் பேச்சே கிடையாது.

ரெஸ்யூமேயில் இவ்வளவும் வராது, ஆங்கிலத்தில் இரண்டு மூன்று வரிதான் வரும். பொருள் இப்படி இருக்கட்டும்: 'பட்டறை மேஸ்திரியிடம் நேரில் கேட்டும் பார்த்தும், பார்டர் கல் இரண்டு முறை கணக்காவதையும் மூலைக்கல் பதிவாகாமல் போவதையும் கண்டறிந்தார். ஆர்டர் பதிவை மூன்று எண்ணிக்கையாகப் பிரிக்கும் விதியை எழுதி, உரிமையாளர், மேஸ்திரி, கணக்குப் பிரிவு மூவரின் ஒப்புதல் பெற்றார். பழைய ஆர்டர்களை வைத்துச் சோதித்தார்.' பழைய ஆர்டரை வைத்துச் சோதித்தீர்களா என்பது உங்களுக்குத்தான் தெரியும். செய்யவில்லை என்றால் அந்த வாக்கியத்தை எடுத்துவிடுங்கள்.

இப்படி எழுதினால் அடுத்த கேள்வி எது என்றும் ஊகிக்கலாம். அறை பத்து அங்குலத்தில் வகுபடாவிட்டால் என்ன செய்தீர்கள் என்பார்கள். பன்னிரண்டு அடி நாலு அங்குலச் சதுர அறையை எடுத்துக்கொள்ளுங்கள். பரப்பளவை வைத்துக் கணக்கிட்டால் 219 கல்லுக்குக் கொஞ்சம் மேல். ஆனால் ஒரு வரிசைக்கு 14.8 கல், கடைசிக் கல்லை வெட்டித்தான் போட வேண்டும். ஆக வரிசைக்கு 15, மொத்தம் 225. பார்டரை வெட்டினால் டிசைன் கெட்டுவிடும். அதனால் பார்டருக்கு வெளியே சாதாக் கல்லை ஓட்டி நிரப்புவதா, வேறு வழியா என்பதை மேஸ்திரியோ, வீட்டில் கல் பதிக்கிறவரோதான் சொல்ல முடியும். அன்றைக்கு இதைக் கேட்டிருந்தால் விடையைச் சொல்லுங்கள். கேட்கவில்லை என்றால், 'மீதி வரும் அறைகளை மென்பொருள் கணக்கிடாது, மேஸ்திரி கையால் பதிவார் என்று விட்டோம்' என்பது மாதிரி உண்மையில் நடந்ததைச் சொல்லுங்கள். எல்லை எங்கே இருக்கிறது என்று தெரிந்தே விட்டோம் என்பதும் நல்ல பதில்தான். இன்னும் பட்டறையில்தானே இருக்கிறீர்கள், நாளைக்கே மேஸ்திரியிடம் கேட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு கூட்டம் என்றால் இரண்டு கூட்டம்தான்

'பல ஸ்டேக்ஹோல்டர் ஒர்க்‌ஷாப்புகளை வழிநடத்தினார்' என்று எழுத வேண்டியதில்லை. இரண்டே நடந்தது என்பது குறையும் இல்லை. யார் வந்தார்கள், எதைத் தீர்க்கக் கூடினீர்கள், எதை முடிவு செய்து கலைந்தீர்கள், எது தீராமல் நின்றது என்பதுதான் ஒர்க்‌ஷாப்பின் விவரம். அதை எழுதுங்கள்.

நீங்கள் ஒரு குறையைப் போலச் சொல்லியிருக்கிற மேஸ்திரி விஷயம்தான் உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது. முதலாளி எதிரே உட்கார்ந்திருக்கும்போது, 'நம்ம கணக்கு இத்தனை வருஷமாகத் தப்பு' என்று மேஸ்திரி எப்படிச் சொல்வார்? எந்த ஊரிலும், எந்தக் கம்பெனியிலும் சொல்லமாட்டார். பெரிய வங்கியில் மேலாளர் பக்கத்தில் இருக்கும்போது கவுன்ட்டரில் இருப்பவரும் பேசமாட்டார். அதனால்தான் அனுபவமுள்ள அனலிஸ்ட்கள் கூட்டத்துக்கு முன்னால் ஒவ்வொருவரையும் அவரவர் இடத்தில் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று கவனிக்கிறார்கள். ஏற்கெனவே தெரிந்துகொண்ட முரண்பாடுகளைத் தீர்க்க மட்டும் கூட்டத்தைக் கூட்டுகிறார்கள். நீங்கள் முதல் கூட்டம் தோற்ற பிறகு இதைச் செய்திருக்கிறீர்கள். வரிசை மாறினாலும் கற்றுக்கொண்டது அதேதான்.

இரண்டாவது கூட்டத்தில் அந்த விஷயத்தை எப்படி எடுத்து வைத்தீர்கள் என்பதையும் யோசித்து வையுங்கள். மேஸ்திரி பெயரைச் சொல்லியா, ஒரு பழைய ஆர்டரை நடுவில் வைத்து எல்லாரையும் சேர்ந்து எண்ணச் சொல்லியா? இதை யாராவது நிச்சயம் கேட்பார்கள். சொன்னவரைக் காட்டிக்கொடுக்காமல் விஷயத்தை மேசைக்குக் கொண்டுவருவது இந்த வேலையில் பாதி. ரெஸ்யூமேயில் இதற்கு ஒரு வரி: 'கூட்டத்தில் வெளிவராத தகவலைத் தனிச் சந்திப்பிலும் நேரடிக் கவனிப்பிலும் பெற்று, இரண்டாவது கூட்டத்தில் நாலு பிரிவினரின் உடன்பாட்டோடு முடிவு செய்தார்.'

படங்களை அனுப்பலாமா?

அலுவலகத்துக்காக வரைந்த படங்களை அப்படியே அனுப்பாதீர்கள். 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 17-ன்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலையின் பகுதியாக ஊழியர் உருவாக்கியதற்கு முதல் உரிமையாளர் முதலாளிதான். 'நான் வரைந்தது, என்னுடையது' என்ற எண்ணம் இயல்பாக எல்லாருக்கும் வரும், ஆனால் சட்டப்படி அது சரியில்லை. தவிர, அந்தப் படத்திலும் எக்செலிலும் வாடிக்கையாளர் பெயர், விலை, தள்ளுபடி எல்லாம் இருக்கும். அதைப் பார்க்கும் நிறுவனம் 'நாளைக்கு நம் விவரத்தையும் இப்படித்தான் அனுப்புவார்' என்றுதான் நினைக்கும்.

புதிதாக ஒன்று வரையுங்கள். கற்பனையான ஒரு கல் பட்டறை, கற்பனை ஆர்டர், உங்களுக்குத் தெரிந்த பொதுவான நடைமுறை. ஏ4 தாளில் ஒரு பக்கம் பழைய முறை, இன்னொரு பக்கம் புதிய முறை. கேட்டால் காட்ட வைத்திருங்கள், அல்லது ஒரு இணைப்பாக ரெஸ்யூமேயில் கொடுங்கள். படத்தை ரெஸ்யூமேக்குள்ளேயே ஒட்டாதீர்கள். விண்ணப்பங்களைப் பிரிக்கும் மென்பொருள்கள் எழுத்தைத்தான் எடுக்கின்றன, படத்துக்குள் இருப்பது அவற்றுக்குத் தெரியாது. கட்டம் கட்டிய இரண்டு பத்தி வடிவத்தையும் சில சமயம் குழப்பிவிடும். ஒற்றைப் பத்தியில் எளிமையாக இருக்கட்டும்.

வரையும்போது ஆட்கள் கவனிக்கும் இரண்டு இடங்களைச் சொல்லிவிடுகிறேன். செயல்முறைப் படங்களுக்காக 2011-ல் வெளியான பிபிஎம்என் 2.0 என்ற குறியீட்டு முறையைப் பின்பற்றுவதாகச் சொன்னால் அதன் விதியைக் காப்பாற்ற வேண்டும். அலுவலகம், பட்டறை, பேக்கிங் மூன்றும் ஒரே நிறுவனம், அதனால் ஒரே பெட்டிக்குள் மூன்று பாதைகள். வாடிக்கையாளர் வெளி ஆள், அவருக்குத் தனிப் பெட்டி. பெட்டிக்குள் வேலை நகரும் அம்பு முழுக்கோடு. அந்தக் கோடு பெட்டியைத் தாண்டக் கூடாது. வாடிக்கையாளருக்கும் அலுவலகத்துக்கும் இடையே போய்வரும் தகவலுக்கு விட்டுவிட்டு வரும் சிறு கோடுகளால் ஆன அம்பு. நிறையப் பேர் முழுக்கோட்டை வாடிக்கையாளர் பெட்டிவரை இழுத்துவிடுகிறார்கள். பார்த்தவுடனே தெரிந்துவிடும், படம் வரையும் கருவி தெரியும், முறை தெரியாது என்று.

இன்னொன்று, வைர வடிவ முடிவுகள். மாதிரிக் கல்லை வாடிக்கையாளருக்கு அனுப்புகிறீர்கள், நிறம் பிடித்திருக்கிறதா? 'ஆம்' என்ற அம்பு எல்லார் படத்திலும் இருக்கும். 'இல்லை' எங்கே போகிறது? நிறக் கலவைக்குத் திரும்புகிறதா, அதற்கு யார் பொறுப்பு, எத்தனை முறை மாதிரி அனுப்புவீர்கள், முன்பணம் அதற்கு முன்பா பின்பா? 'இல்லை' பாதை இல்லாத படத்தைப் பார்த்தால், வரைந்தவர் பட்டறையில் யாரிடமும் கேட்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். உங்கள் பழைய முறைப் படத்தில் மூலைக்கல் காணாமல் போகும் இடத்தைச் சிவப்பில் குறியுங்கள், புதிய முறைப் படத்தில் அதே இடம் எப்படி மாறியது என்று காட்டுங்கள். இரண்டு படத்தையும் அடுத்தடுத்து வைத்தால் விளக்கமே தேவைப்படாது.

கருவிகள்

ஜிரா, கன்ஃப்ளூயன்ஸ், விசியோ மூன்றையும் எடுத்துவிடுங்கள். 'ஜிராவில் ஒரு ஸ்டோரி எந்தெந்த நிலைகளைத் தாண்டிப் போகும்?' என்று, அதில் பதியும் ஒரு தேவையைப் பற்றி, ஒரு கேள்வி கேட்டால் போதும், எல்லாம் வெளிவந்துவிடும். எக்செலும் draw.io-வும் சின்னக் கருவிகள் என்று நினைக்காதீர்கள். கருவியின் பெயரோடு அதில் என்ன எழுதினீர்கள் என்று சேர்த்துச் சொன்னால் போதும்: எக்செலில் தேவைகள் பட்டியல், draw.io-வில் பழைய, புதிய முறைப் படங்கள்.

அந்த எக்செல் பட்டியல் எப்படி இருந்தது என்று கடிதத்தில் சொல்லவில்லை. ஒவ்வொரு தேவைக்கும் ஒரு எண், யார் சொன்னது, எந்தக் கூட்டத்தில் அல்லது எந்தத் தேதியில், விதி என்ன, மென்பொருளின் எந்தத் திரையில் வந்தது, எந்தச் சோதனையில் தேறியது என்ற நெடுவரிசைகள் இருந்தால் அதற்கு டிரேஸபிலிட்டி மேட்ரிக்ஸ் என்று பெயர், அந்தப் பெயரை ரெஸ்யூமேயில் தாராளமாகப் போடலாம். வெறும் பட்டியலாக இருந்தால் பட்டியல் என்றே எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து 'இதை யார் கேட்டது?' என்று முதலாளி சத்தம் போடும்போது விடை சொல்வது அந்த 'யார் சொன்னது' நெடுவரிசைதான்.

ஜிராவைக் கற்றுக்கொள்ள ஆசை என்றால் தடையே இல்லை. பத்துப் பேர் வரையுள்ள குழுவுக்கு அது இலவசமாகவே கிடைக்கிறது. உங்கள் தேவைகளில் நாலைந்தை எடுத்து, வாடிக்கையாளர் விவரம் இல்லாமல், ஸ்டோரிகளாக எழுதிப் பதிந்து பழகுங்கள். அதன்பிறகு 'சொந்தப் பயிற்சி' என்ற தலைப்பின் கீழ் ஜிராவைப் போடலாம். அனுபவத்தின் கீழ் போடக்கூடாது.

அந்த 40 சதவீதம்

எதில் 40 சதவீதம்? இதற்கு உங்களிடம் விடை இல்லை, அண்ணனிடமும் இருக்காது. எடுத்துவிடுங்கள். ஆனால் எண்ணே இல்லாமலும் விட வேண்டாம். பழைய நோட்டு பட்டறையில்தானே இருக்கிறது? மென்பொருள் வருவதற்கு முந்தைய மூன்று மாத ஆர்டர்களை எண்ணுங்கள். அதில் எத்தனை ஆர்டருக்குப் பின்னால் கல் போதாமல் மறுபடி செய்ய வேண்டி வந்தது என்று எண்ணுங்கள். மென்பொருள் வந்து பழகிய பிறகு, அதே மாதங்களுக்கு அடுத்த ஆண்டில் எண்ணுங்கள். வீடு கட்டும் வேலை மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும் என்பதால் அதே மாதங்களாக இருப்பது முக்கியம். உதாரணத்துக்கு, முன்பு 60 ஆர்டரில் 11, இப்போது 64-ல் 3 என்று வந்தால் அதை அப்படியே எழுதுங்கள், சதவீதமாக மாற்ற வேண்டாம். சின்ன எண்களைச் சதவீதமாக்கினால் பெரிதாகத் தெரியும், கேட்கிறவருக்குச் சந்தேகமும் வரும். வித்தியாசமே இல்லை என்று வந்தால் அதையும் ஏன் என்று தேடிப் பாருங்கள். ஒருவேளை யாரோ இன்னும் வாய்மொழியாகவே ஆர்டர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

நோட்டைப் பார்க்க முதலாளியிடம் கேட்டுவிட்டுப் பாருங்கள். எண்ணிக்கையை ரெஸ்யூமேயில் போடப்போவதையும் சொல்லுங்கள்.

45,000 ரூபாய் கோர்ஸ்

இப்போது வேண்டாம். கோர்ஸ்கள் சொல்லிக்கொடுப்பதில் பெரும்பகுதி கூட்டம் நடத்துவது, படம் வரைவது, தேவை எழுதுவது. மூன்றையும் நீங்கள் ஒரு முறை நிஜமாகச் செய்துவிட்டீர்கள். சில இடங்களில் 'சர்டிபிகேட் முடித்தால் சீனியர் அனலிஸ்ட்' என்று சொல்லிச் சேர்க்கிறார்கள், அதில் கவனமாக இருங்கள். பிசினஸ் அனலிஸ்ட்களுக்கான ஐஐபிஏ என்ற சர்வதேச அமைப்பின் சான்றிதழ்களில் இசிபிஏ ஆரம்ப நிலைக்கானது, அதற்கு அனுபவம் தேவையில்லை. அடுத்த நிலையான சிசிபிஏவுக்குக் கடைசி ஏழு ஆண்டுகளில் 3,750 மணி நேர அனலிஸ்ட் வேலை காட்ட வேண்டும். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்று வைத்தாலே 460 நாளுக்கு மேல். உங்கள் மென்பொருள் பணி அதில் ஒரு சிறு பகுதிதான் வரும். இப்போதே செய்ய வேண்டியது, எந்த வேலையில் எத்தனை மணி நேரம் என்று ஒரு தாளில் குறித்துவைப்பது. பின்னால் உதவும்.

விண்ணப்பத்தையும் கொஞ்சம் வேறு பக்கம் திருப்பிப் பாருங்கள். 'பிசினஸ் அனலிஸ்ட்' என்ற பெயரில் வரும் விளம்பரங்களுக்கு மட்டும் போட்டால், பெரிய நிறுவனங்களின் அனுபவசாலிகளோடு ஒரே வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். சிறு உற்பத்தியாளர்களுக்கு மென்பொருள் செய்து நிறுவிக் கொடுக்கும் கம்பெனிகள் மதுரை, கோவை, சென்னை எல்லா ஊரிலும் இருக்கின்றன. அங்கே இந்த வேலைக்கு இம்ப்ளிமென்டேஷன், ஃபங்ஷனல் கன்சல்டன்ட் என்றெல்லாம் பெயர். பட்டறை மேஸ்திரியிடம் பேசத் தெரிந்த ஆள் அவர்களுக்குக் கிடைப்பது கஷ்டம். உங்களோடு வேலை பார்த்த அந்த மதுரைக் கம்பெனியையே முதலில் கேட்கலாம் என்பேன். உங்கள் வேலையை நேரில் பார்த்தவர்கள் அவர்கள் மட்டும்தான். கேட்பதற்கு முன் முதலாளியிடம் சொல்லிவிடுங்கள், மூன்றாம் ஆள் மூலம் அவர் காதுக்குப் போகக்கூடாது.

முதலாளியிடம் போகும்போது இன்னொன்றும் கேளுங்கள். வேலையை விடும்போது தரும் அனுபவக் கடிதத்தில், பதவிக்குக் கீழே, ஆர்டர் மென்பொருள் பணியில் நீங்கள் செய்ததை இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்: எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, தேவைகளைத் தொகுத்தது, கூட்டங்கள் நடத்தியது, சோதித்தது. அந்த இரண்டு வரியை நீங்களே எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள், அவர் திருத்திக் கையெழுத்திடட்டும். சரிபார்க்கும் ஆள் கூப்பிடும்போது ரெஸ்யூமேயும் கடிதமும் ஒன்றையே சொல்லும்.